மைக் யார் கையில்? கேம் சத்தத்தையும் குரலையும் சேர்த்துப் பதிவு செய்தல்

போனில் விளையாடும் கேமைக் குரலோடு பதிவு செய்ய முயல்பவர்கள் கொண்டுவரும் புகார்கள் பெரும்பாலும் மூன்றுதான். கேம் சத்தம் இருக்கிறது, என் குரல் இல்லை. குரல் இருக்கிறது, கேம் ஊமையாக ஓடுகிறது. இரண்டும் இருக்கின்றன, ஆனால் குடத்துக்குள் இருந்து பேசுவதுபோல் கேட்கிறது. மூன்றுக்கும் ரெக்கார்டர் ஆப்பை மாற்றிப் பார்ப்பதுதான் எல்லோரும் செய்யும் முதல் வேலை. அடுத்தடுத்து நாலைந்து ஆப் இறக்கியும் அதே கதைதான் என்பார்கள். கோளாறு ஆப்பில் இருப்பது அபூர்வம். போனுக்குள் சத்தம் எந்த வழியாகப் போகிறது, மைக்கை அந்த நேரத்தில் யார் பிடித்து வைத்திருக்கிறார்கள் என்ற இரண்டு விஷயங்கள் புரிந்துவிட்டால், எந்தப் புகாருக்கு எது காரணம் என்பது தானே விளங்கும். இந்த அத்தியாயம் பெரும்பாலும் ஆண்ட்ராய்டு போனைப் பற்றியது. ஐபோனுக்குச் சொல்ல வேண்டியது கொஞ்சம்தான், அதை இடையில் சொல்லிவிடுகிறேன்.

இரண்டு வழிகள்

கேம் எழுப்பும் சத்தம் போனின் ஸ்பீக்கருக்கோ இயர்போனுக்கோ போவதற்கு முன்னால், போனுக்குள்ளேயே அதற்கு ஒரு நகல் எடுக்க முடியும். இதைத்தான் உள் ஒலி என்கிறோம். உங்கள் குரல் வருவது முற்றிலும் வேறு வழியில், மைக் வழியாக. ரெக்கார்டர் இந்த இரண்டையும் தனித்தனியாக வாங்கி, கலந்து, வீடியோவோடு சேர்த்துக் கோப்பாக எழுதுகிறது.

உள் ஒலியை நகல் எடுக்கும் வசதியைச் சாதாரண ஆப்களுக்கு ஆண்ட்ராய்டு கொடுத்தது 2019இல், ஆண்ட்ராய்டு 10 வந்தபோதுதான். திரையைப் பதிவு செய்ய அதற்கு வெகு முன்பே, 2014இல் வந்த ஆண்ட்ராய்டு 5இலேயே வழி இருந்தது. நடுவில் இருந்த அந்த ஐந்து வருடங்களில் எடுத்த கேம் வீடியோக்கள் பலவும் ஸ்பீக்கரில் வரும் சத்தத்தை மைக்கில் பிடித்தவை. உங்கள் போன் ஆண்ட்ராய்டு 9 அல்லது அதற்கும் பழையது என்றால், எந்த ஆப் எத்தனை நட்சத்திரம் வாங்கியிருந்தாலும் அதனால் உள் ஒலியை எடுக்க முடியாது. தேடி அலைய வேண்டாம்.

ஆண்ட்ராய்டு 11இலிருந்து போனோடேயே ஒரு ஸ்கிரீன் ரெக்கார்டர் வருகிறது. திரையின் மேலிருந்து இழுத்தால் வரும் பட்டன்களில் அது இருக்கும். பதிவு தொடங்கும்முன் எந்த ஒலி வேண்டும் என்று கேட்கும். Device audio என்றால் உள் ஒலி மட்டும். Microphone என்றால் மைக் மட்டும். நமக்கு வேண்டியது Device audio and microphone. சாம்சங் போன்களில் இதே தேர்வு Media sounds and mic என்ற பெயரில் இருக்கும். மற்ற கம்பெனிகளின் போன்களில் சொற்கள் மாறும், பொருள் மாறாது. ஒருமுறை தேர்ந்தெடுத்தால் அது அப்படியே நிற்கும் என்று நம்பாமல், ஒவ்வொரு பதிவுக்கும் முன்னால் ஒரு கண் பார்த்துக்கொள்வது நல்லது.

ஐபோனில் கன்ட்ரோல் சென்டரில் உள்ள ரெக்கார்டிங் பட்டனை வெறுமனே தொட்டால் பதிவு தொடங்கிவிடும், மைக் அணைந்தே இருக்கலாம். அந்தப் பட்டனைக் கொஞ்ச நேரம் அழுத்திப் பிடித்தால் கீழே மைக் பட்டன் ஒன்று தெரியும். அதைத் தொட்டு இயக்கிய பிறகே பதிவைத் தொடங்க வேண்டும். ஐபோன்காரர்களின் "என் குரல் வரவில்லை" புகாரில் பெரும்பகுதி இந்த ஒரு பட்டனோடு முடிந்துவிடும்.

இயர்போன் இல்லாமல் தொடங்காதீர்கள்

குடத்துக்குள் பேசுவதுபோல் கேட்கும் அந்த மூன்றாவது புகாருக்குக் காரணம் ஸ்பீக்கர். உள் ஒலியாகத் துப்பாக்கிச் சத்தம் ஒருமுறை பதிவாகிறது. அதே சத்தம் ஸ்பீக்கரில் ஒலித்து, மைக்குக்குள் புகுந்து, மிகச் சிறிய தாமதத்தோடு இரண்டாம் முறையும் பதிவாகிறது. இரண்டு நகல்களும் ஒன்றின்மேல் ஒன்று விழும்போது சில ஒலிகள் ஒன்றையொன்று தின்றுவிடும், சில தடிக்கும். பதிவான பிறகு இதைச் சரிசெய்ய வழியே கிடையாது. கேம் சத்தம் உங்கள் காதுக்கு மட்டும் போனால் இந்தப் பிரச்சினை பிறக்கவே பிறக்காது.

எந்த இயர்போன்? சந்தேகமே இல்லாமல் வயர் உள்ளது, வயரிலேயே மைக் உள்ளது. புளூடூத் இயர்போனை இந்த வேலைக்கு நான் பரிந்துரைப்பதில்லை. அதில் சத்தம் காதுக்கு வந்து சேரவே தாமதமாகும். எதிரி சுட்டது திரையில் தெரிந்து கண நேரம் கழித்துத்தான் வெடி கேட்கும், உங்கள் வியப்பும் அந்த அளவு பிந்தும். அதைவிட மோசம், புளூடூத்தின் மைக்கை இயக்கியவுடன் இணைப்பு முழுவதும் போன் பேசும் முறைக்கு மாறிவிடுவது. பாட்டுக் கேட்கும் தரத்தில் இருந்த கேம் சத்தம் அந்த நொடியே பழைய லேண்ட்லைன் தரத்துக்கு இறங்கும், ஸ்டீரியோவும் போய்விடும். மைக்கை இயக்காமல் விட்டால் ரெக்கார்டர் போனின் சொந்த மைக்கை எடுத்துக்கொள்ளும்.

போனின் சொந்த மைக்கில் என்ன குறை என்று கேட்கலாம். போனைக் கிடையாகப் பிடித்து விளையாடும்போது உங்கள் கை எங்கே இருக்கிறது என்று பாருங்கள். சார்ஜர் துளைக்குப் பக்கத்தில் உள்ள அந்தச் சிறு ஓட்டைதான் மைக், அதன்மேல் உள்ளங்கை அழுத்தியபடி இருக்கும். குரல் போர்வைக்குள் இருந்து வருவதுபோல் மங்கும். அத்தோடு திரையில் விரல் படும் ஒவ்வொரு தட்டும் போனின் உடல் வழியாக மைக்குக்குப் போய் 'டொக் டொக்' என்று பதிவாகும். வயர் இயர்போனின் மைக் இந்த இரண்டிலிருந்தும் தப்பிவிடுகிறது. அதை அப்படியே தொங்கவிட்டால் சட்டையில் உரசும். அதனால் வயரைக் காலரில் ஒரு கிளிப்பால் பிடித்து, மைக் வாயிலிருந்து ஒரு சாண் கீழே, சற்று ஒருபக்கமாக இருக்கும்படி வையுங்கள். நேர் எதிரே வைத்தால் 'ப', 'ஃப' போன்ற எழுத்துகளில் மூச்சுக்காற்று மோதி 'புஃப்' என்று அடிக்கும். மின்விசிறிக்கு நேர்கீழே உட்காராதீர்கள். காற்றின் இரைச்சல் காதுக்குப் பழகிவிட்டதால் நமக்குத் தெரியாது, மைக்குக்கு எதுவும் பழகுவதில்லை.

டைப்-சி துளை மட்டுமே உள்ள போனில் இயர்போனைச் செருகிவிட்டால் சார்ஜ் போட முடியாது. பதிவு செய்துகொண்டே விளையாடுவது பேட்டரியை வேகமாகக் குடிக்கும், போனும் சூடாகும். முழு சார்ஜோடு தொடங்குங்கள்.

நாற்பது நொடிச் சோதனை

புதிய போன், புதிய ரெக்கார்டர், புதிய கேம் என்று மூன்றில் ஏதாவது ஒன்று மாறினாலும் இந்தச் சோதனையைச் செய்யுங்கள். கேமின் பயிற்சி மைதானத்துக்குப் போய்ப் பதிவைத் தொடங்குங்கள். முதல் பத்து நொடி வாயைத் திறக்காமல் சுடுங்கள், ஓடுங்கள். அடுத்த பத்து நொடி எதையும் தொடாமல் சாதாரணக் குரலில் பேசுங்கள். மூன்றாவது பத்து நொடி சுட்டுக்கொண்டே பேசுங்கள், பாதியில் போனின் வால்யூமைக் குறைத்துப் பாருங்கள். கடைசிப் பத்து நொடியில் கேமுக்குள் இருக்கும் வாய்ஸ் சாட் மைக்கை இயக்கிவிட்டுப் பேசுங்கள். பதிவை நிறுத்தி, இயர்போனில் போட்டுக் கேளுங்கள்.

முதல் பகுதியில் துப்பாக்கிச் சத்தம் இல்லையென்றால் உள் ஒலி வரவில்லை என்று பொருள். தேர்வைத் தப்பாகக் கொடுத்திருக்கலாம். தேர்வு சரியாகவே இருந்தால், அதே ரெக்கார்டரில் வேறொரு கேமைப் பதிவு செய்து பாருங்கள். அதில் சத்தம் வந்து இதில் மட்டும் வரவில்லை என்றால், இந்த கேமை எழுதியவர்கள் உள் ஒலியை நகல் எடுக்க அனுமதி தரவில்லை. ஆண்ட்ராய்டு அந்த உரிமையை ஆப் எழுதுகிறவர்களுக்கு விட்டிருக்கிறது. ஆண்ட்ராய்டு 9 காலத்துக்கு எழுதப்பட்டு அதற்குப் பின் புதுப்பிக்கப்படாத கேம்கள், தானாகவே அனுமதி மறுத்தவையாகக் கருதப்படும். பழைய கேம் ஊமையாகப் பதிவாவதற்குக் காரணம் பெரும்பாலும் இதுதான். போனுக்குள் இதற்குத் தீர்வு இல்லை.

கணினி வைத்திருப்பவர்களுக்கு ஒரு வழி உண்டு. scrcpy என்ற இலவச மென்பொருள் யுஎஸ்பி கேபிள் வழியாகப் போனின் திரையைக் கணினியில் காட்டும். ஆண்ட்ராய்டு 11 முதல் உள்ள போன்களில் ஒலியையும் கொண்டுவரும். அது எடுப்பது ஒரு ஆப்பின் ஒலியை அல்ல, போனின் மொத்த ஒலி வெளியீட்டையும். போனில் USB debugging என்பதை இயக்கிவிட்டுக் கணினியில் இப்படிக் கொடுத்தால் போதும்:

```
scrcpy --record=match1.mkv
```

அப்போது சத்தம் போனில் கேட்காது, கணினியில்தான் கேட்கும். ஆகவே இயர்போனைக் கணினியில் மாட்டிக்கொண்டு போனில் விளையாட வேண்டியிருக்கும்.

இரண்டாம் பகுதியில் உங்கள் குரல் இல்லையென்றால், ரெக்கார்டருக்கு மைக் அனுமதி கொடுத்திருக்கிறீர்களா என்று முதலில் பாருங்கள். ஆண்ட்ராய்டு 12இலிருந்து மேல் இழுப்புப் பட்டன்களில் Mic access என்று ஒன்று இருக்கிறது. அது அணைந்திருந்தால் எல்லா ஆப்களுக்கும் மைக் மூடப்பட்டிருக்கும். அதே பதிப்பிலிருந்து, மைக்கை எந்த ஆப் எடுத்தாலும் திரையின் மேல் மூலையில் ஒரு பச்சைக் குறி தெரியும். பதிவு ஓடும்போது அந்தப் பச்சை இல்லையென்றால் உங்கள் குரலும் இல்லை.

மூன்றாம் பகுதியில் கவனிக்க வேண்டியவை இரண்டு. ஒன்று, சுடும்போது பேச்சு புரிகிறதா? மற்றது, நீங்கள் வால்யூமைக் குறைத்த இடத்தில் பதிவிலும் சத்தம் குறைந்திருக்கிறதா? குறையவில்லை என்றால் உங்கள் காதுக்கு எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு வைத்துக்கொள்ளலாம், பதிவை அது தொடாது. குறைந்திருந்தால் விளையாட்டின் நடுவே வால்யூம் பட்டனைத் தொடக்கூடாது.

போனில் கிடைக்கும் ரெக்கார்டர்கள் பெரும்பாலும் குரலையும் கேம் சத்தத்தையும் ஒரே டிராக்கில் கலந்தே தருகின்றன. பின்னால் பிரிக்க முடியாது. அதனால் அளவைச் சரிசெய்ய வேண்டிய இடம் கேமின் செட்டிங்ஸ்தான். பின்னணி இசையைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவாருங்கள். இசையும் பேச்சும் ஒரே இடத்துக்குப் போட்டி போடுபவை, இசை போனால் பார்ப்பவருக்கு நஷ்டம் ஒன்றுமில்லை. கேமுக்குள் ஒலிக்கும் பிரபலப் பாட்டால் யூடியூபில் காப்புரிமைக் குறி விழும் தொல்லையும் மிச்சம். துப்பாக்கி, காலடி, வண்டி முதலிய சத்தங்களை நாற்பது சதவீதத்தில் வைத்துத் தொடங்கி, சோதனையைத் திரும்பச் செய்து கூட்டிக் குறையுங்கள். காலடிச் சத்தம் உங்களுக்கே கேட்காத அளவுக்குக் குறைத்துவிட்டால் ஆட்டம் போய்விடும் என்பதால், இங்கே கொஞ்சம் விட்டுக்கொடுத்துத்தான் ஆக வேண்டும்.

நான்காம் பகுதிதான் பலரையும் திகைக்க வைப்பது. அதற்குத் தனி இடம் வேண்டும்.

கேமும் மைக்கைக் கேட்டால்

பிஜிஎம்ஐ, ஃப்ரீ ஃபயர் போன்ற கேம்களில் நால்வர் அணியாகச் சேர்ந்து ஆடுவார்கள். ஒருவரோடு ஒருவர் பேச கேமுக்குள்ளேயே வாய்ஸ் சாட் இருக்கிறது. வாய்ஸ் சாட் மைக்கை இயக்கினால் கேமும் மைக்கைக் கேட்கிறது, ரெக்கார்டரும் கேட்கிறது. ஆண்ட்ராய்டு 9 வரை, முதலில் பிடித்தவருக்கு மைக், மற்றவருக்கு இல்லை. ஆண்ட்ராய்டு 10 முதல் ஒரு முறை வைத்திருக்கிறார்கள். சாதாரண ஆப்கள் இரண்டு மைக்கைக் கேட்டால், திரையில் தெரிந்துகொண்டிருக்கும் ஆப்புக்கே குரல் போகும். பின்னணியில் இருக்கும் ஆப்புக்கு வெறும் மௌனம் கொடுக்கப்படும். திரையில் தெரிவது கேம். பின்னணியில் இருப்பது ரெக்கார்டர். முடிவு என்ன என்று சொல்ல வேண்டியதில்லை.

இதில் ரொம்பவும் எரிச்சலூட்டுவது, எந்தப் பிழைச் செய்தியும் வராதது. ரெக்கார்டரைப் பொறுத்தவரை மைக் திறந்துதான் இருக்கிறது, அதிலிருந்து ஒலியும் வந்துகொண்டுதான் இருக்கிறது. அந்த ஒலி பூஜ்யம், அவ்வளவுதான். பச்சைக் குறியும் எரிந்துகொண்டிருக்கும். அரைமணி நேரம் ஆடி, பேசி, ஜெயித்துவிட்டுப் போட்டுப் பார்த்தால்தான் தெரியும். போன் கம்பெனிகள் தரும் சொந்த ரெக்கார்டர்களில் சில இந்த இடத்தில் வேறு மாதிரி நடந்துகொள்ளலாம். உங்கள் போனில் எப்படி என்பதற்கு நாற்பது நொடிச் சோதனையின் கடைசிப் பகுதிதான் சாட்சி.

அதே பகுதியில் இன்னொன்றும் கேட்கும். வாய்ஸ் சாட் இயங்கியதும் பல போன்கள் அழைப்பு முறைக்குப் போய்விடும். அப்போது வால்யூம் பட்டனை அழுத்தினால் திரையில் வருவது மீடியா வால்யூம் அல்ல, அழைப்பு வால்யூம். இதை அடையாளமாக வைத்துக்கொள்ளுங்கள். இந்த நிலையில் தோழர்களின் குரல் பதிவில் வராமல் போகவும் வாய்ப்பிருக்கிறது. உள் ஒலி நகலில் கேம் ஒலியும் பாட்டு, வீடியோ போன்ற மீடியா ஒலியும்தான் சேரும். அழைப்பு என்று குறிக்கப்பட்ட ஒலி சேராது. யாருடைய போன் பேச்சும் அவருக்குத் தெரியாமல் இந்த வழியில் பதிவாகக் கூடாது என்பதற்காகவே அப்படி வைத்திருக்கிறார்கள். அது நியாயம்தான், நமக்குத்தான் இடைஞ்சல்.

எளிய தீர்வு, வாய்ஸ் சாட்டில் உங்கள் மைக்கை அணைத்துவிட்டு ஸ்பீக்கரை மட்டும் விட்டு வைப்பது. நீங்கள் தோழர்களைக் கேட்கலாம், அவர்களால் உங்களைக் கேட்க முடியாது. குரல் ரெக்கார்டருக்குப் போகும். தனியாக ஆடுபவருக்கும் முன்பின் தெரியாதவர்களோடு ஆடுபவருக்கும் இதுவே போதும். நண்பர்களோடு ஆடுபவருக்கு இது ஒத்துவராது. "டேய், எங்கடா இருக்க, வாய தொறந்து பேசு" என்று திட்டு விழும். அவர்களுக்குத்தான் அடுத்து வரும் வழி.

இரண்டாவது போன்

கேம் ஓடும் போனில் கேமுக்கே மைக்கை விட்டுவிடுங்கள். குரலைப் பதிவு செய்யும் வேலையை வேறொரு போனுக்குக் கொடுங்கள். வீட்டில் கிடக்கும் பழைய போன் போதும், சிம் வேண்டாம், அதிலுள்ள சாதாரண வாய்ஸ் ரெக்கார்டரே போதும். இதில் ஒரு லாபமும் இருக்கிறது. குரலும் கேம் சத்தமும் தனித்தனிக் கோப்புகளாகக் கிடைப்பதால், அளவை எடிட்டிங்கில் இஷ்டம்போல் கூட்டிக் குறைக்கலாம்.

சிக்கல் இரண்டையும் நேரம் தவறாமல் பொருத்துவதில். சினிமாப் படப்பிடிப்பில் கிளாப் அடிப்பது இதற்குத்தான். ஆனால் இங்கே கை தட்டிப் பயனில்லை. இரண்டாவது போனில் தட்டல் பதிவாகும். கேம் போனில் உள் ஒலி மட்டும்தானே பதிவாகிறது, அதில் எப்படி வரும்? ஆகவே தட்டலைக் கேமுக்குள் இருந்துதான் வரவழைக்க வேண்டும். இருபது நிமிட ஆட்டம் ஒன்றை எடுத்துக்கொண்டு வரிசையாகச் சொல்கிறேன்.

கேம் போனில் Device audio மட்டும் தேர்ந்தெடுத்துப் பதிவைத் தொடங்குங்கள். இரண்டாவது போனில் வாய்ஸ் ரெக்கார்டரைத் தொடங்கி, வாய்க்கு ஒன்றரை அடி தூரத்தில் மடித்த துண்டின்மேல் வையுங்கள். வெறும் மேஜையில் வைத்தால் முழங்கை படும் அதிர்வெல்லாம் அதில் ஏறும். மைக் வைத்த இன்னொரு வயர் இயர்போன் இருந்தால் அதை அந்தப் போனில் செருகி, மைக்கை மட்டும் காலரில் கிளிப் செய்துகொள்வது இன்னும் நல்லது. இப்போது கேம் போனில் இயர்போனைச் செருகாமல், ஸ்பீக்கரைச் சத்தமாக வைத்துப் பயிற்சி மைதானத்தில் ஒரே ஒரு குண்டு சுடுங்கள். தொடர்ந்து சுடும் துப்பாக்கி வேண்டாம், ஒவ்வொன்றாகச் சுடுவதுதான் வேண்டும். அந்த ஒரு வெடி கேம் போனில் உள் ஒலியாகவும், இரண்டாவது போனில் ஸ்பீக்கர் வழியாகவும் பதிவாகிவிட்டது. அதுதான் உங்கள் கிளாப். இனி இயர்போனைச் செருகிக்கொண்டு ஆட்டத்துக்குப் போகலாம். ஆட்டம் முடிந்ததும் பதிவுகளை நிறுத்தாமல் இயர்போனைக் கழற்றி, திரும்பவும் பயிற்சி மைதானத்தில் ஒரு குண்டு சுட்டுவிட்டு, பிறகு இரண்டையும் நிறுத்துங்கள்.

எடிட்டிங் ஆப்பில் வீடியோவைப் போட்டு, குரல் கோப்பை அதன்கீழ் தனி டிராக்காகச் சேருங்கள். ஒலியின் அலைவடிவத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் முதல் வெடி இரண்டிலும் செங்குத்தான முள்ளாகத் தெரியும். குரல் டிராக்கை நகர்த்தி, முள்ளோடு முள் சேர்த்துவிடுங்கள். பிறகு கடைசி வெடிக்குப் போய்ப் பாருங்கள். அங்கேயும் சேர்ந்திருந்தால் வேலை முடிந்தது.

சற்று விலகியிருந்தால் பதற வேண்டாம். இரண்டு போன்களின் உள் கடிகாரங்களும் அச்சு அசலாக ஒரே வேகத்தில் ஓடுவதில்லை. பத்து லட்சத்தில் ஐம்பது பங்கு வித்தியாசம் என்று வைத்துக்கொண்டால், இருபது நிமிடத்தில், அதாவது 1200 நொடியில், 0.06 நொடி விலகும். நொடிக்கு 30 பிரேம் ஓடும் வீடியோவில் அது இரண்டு பிரேம்கூட இல்லை. முகம் காட்டாத வர்ணனையில் யாருக்கும் தெரியாது. கடைசி வெடியில் படமும் சத்தமும் அரை நொடி, ஒரு நொடி என்று விலகியிருந்தால் குற்றவாளி வேறு: வீடியோவின் பிரேம் வேகம்.

போன் ரெக்கார்டர் நொடிக்கு 60 பிரேம் என்று சொன்னாலும் உண்மையில் ஒரே சீராக எழுதுவதில்லை. போன் சூடாகித் திணறும்போது 60 என்பது 45 ஆகும், லாபியில் திரை அசையாமல் நிற்கும்போது இன்னும் குறையும். போனில் போட்டுப் பார்க்கும்போது எல்லாம் சரியாகவே இருக்கும். கணினி எடிட்டிங் மென்பொருள்கள் சிலவற்றில் கொண்டுபோனால் படமும் சத்தமும் போகப் போக விலகிக்கொண்டே போகும். தொடக்கத்தில் சரி, நடுவில் லேசான பிசகு, முடிவில் நன்றாகவே தெரியும் பிசகு என்று இருந்தால் இதுதான் நோய். எடிட்டிங்குக்கு முன்னால் பிரேம் வேகத்தைச் சீராக்கிவிட வேண்டும். கணினியில் ffmpeg இருந்தால்:

```
ffmpeg -i game.mp4 -vf fps=60 -c:v libx264 -crf 18 -c:a copy game60.mp4
```

ஒலியைத் தொடாமல் படத்தை மட்டும் நொடிக்குச் சரியாக 60 பிரேமாக மாற்றி எழுதும். நேரம் பிடிக்கும், கோப்பும் பெரிதாகலாம். உங்கள் பதிவு 30 பிரேம் என்றால் 60க்குப் பதில் 30 என்று கொடுங்கள். பிறகு game60.mp4 கோப்பை வைத்துக்கொண்டு வெடிகளைப் பொருத்துங்கள்.

தோழர்களின் குரலும் வீடியோவில் வேண்டும் என்றால், அவர்களையும் ஆளுக்கொரு பதிவு செய்யச் சொல்லிக் கோப்பை அனுப்பச் சொல்வதே சுத்தமான வழி. பதிவு செய்யப் போகிறேன் என்பதை ஆட்டத்துக்கு முன்னாலேயே அவர்களிடம் சொல்லிவிடுங்கள். வாய்ஸ் சாட்டில் நண்பர்கள் பேசுவதெல்லாம் ஊர் கேட்கத் தக்கதாக இருப்பதில்லை.

பதிவின் நடுவே கெடுப்பவை

ஒரு போன் அழைப்பு வந்தால் மைக் அதற்குப் போய்விடும். எடுக்காமல் விட்டாலும் ரிங்டோன் ஒரு முறையாவது ஆட்டத்தைக் கலைக்கும். Do Not Disturb என்பதை இயக்கிவிட்டுத் தொடங்குங்கள். அது அறிவிப்புகளின் சத்தத்தை நிறுத்துமே தவிர, திரையில் அவை தலைகாட்டுவதை எல்லாப் போனிலும் நிறுத்திவிடும் என்று நம்ப முடியாது. வங்கியின் ஓடிபி மேலே வந்து போவதையும் ரெக்கார்டர் அழகாகப் பதிவு செய்து வைத்துக்கொள்ளும். ஆண்ட்ராய்டு 14 முதல் பல போன்களில் முழுத் திரைக்குப் பதிலாக ஒரே ஒரு ஆப்பை மட்டும் பதிவு செய்யும் தேர்வு வருகிறது. அது இருந்தால் கேமை மட்டும் தேர்ந்தெடுங்கள், மற்ற அறிவிப்புகள் பதிவில் விழாது.

இடத்தையும் கணக்குப் பார்க்க வேண்டும். 1080 பிக்சல், 60 பிரேம் பதிவுக்கு நொடிக்கு 12 மெகாபிட் வைத்தால் நிமிடத்துக்கு 90 எம்பி ஆகும். இருபது நிமிட ஆட்டத்துக்கு 1.8 ஜிபி. ஒலிக்கு ஆகும் இடம் இதில் கணக்கிலேயே வராது, அதனால் ரெக்கார்டரில் ஒலித் தரத்தைக் குறைத்து இடம் மிச்சம் பிடிக்க முயல வேண்டாம். இடம் போதவில்லை என்றால் 30 பிரேமுக்கு இறங்குங்கள், போனின் சூடும் குறையும்.

மாலை முழுவதையும் ஒரே பதிவாக ஓடவிடாமல் ஆட்டத்துக்கு ஒரு பதிவாக நிறுத்தி நிறுத்தி எடுங்கள். எம்பி4 கோப்பில் எந்தக் காட்சி எங்கே இருக்கிறது என்ற அட்டவணை பொதுவாகப் பதிவை நிறுத்தும்போதுதான் எழுதப்படும். நடுவில் பேட்டரி தீர்ந்தாலோ, மெமரி நிறைந்து ரெக்கார்டர் செத்தாலோ, இரண்டு ஜிபிக் கோப்பு இருக்கும், எந்த பிளேயரிலும் திறக்காது. பேட்டரி சேமிப்புக்காகப் பின்னணி ஆப்களை அடைத்துவிடும் பழக்கம் சில போன்களுக்கு உண்டு. தனியாக இறக்கிய ரெக்கார்டர் என்றால், செட்டிங்ஸில் அந்த ஆப்பின் பேட்டரிப் பகுதிக்குப் போய் Unrestricted என்று மாற்றிவிட்டு முதல் ஆட்டத்தைத் தொடங்குங்கள்.